ஓர் ஆணியில் மூன்று காலண்டர்: மளிகைக் கடைக்கு 2025-ஆம் ஆண்டு மாதக் காலண்டர் செய்த அனுபவம்

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு மளிகைக் கடைக்குச் சில ஆண்டுகளாக நான்தான் காலண்டர் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். 2024-க்குச் செய்தது பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் நான்கு வண்ணத்தில் பெரிய இயற்கைக் காட்சி, அதன் தலைமேல் கடையின் பெயர், கீழே சிறிய கட்டங்களில் தேதிகள் என்று அமைத்திருந்தேன். கடைக்கார அண்ணாச்சிக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அந்த ஆண்டு மே மாதத்தில், அடுத்த காலண்டருக்கான பேச்சைத் தொடங்குவதற்கு முன், கடையிலிருந்து வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் பையனோடு இரண்டு நாள் சுற்றினேன். நாங்கள் கொடுத்த காலண்டர் எங்கே தொங்குகிறது என்று பார்ப்பது மட்டுமே என் நோக்கம். அந்த இரண்டு நாளில் கண்டவைதான் 2025-ஆம் ஆண்டுக் காலண்டரின் ஒவ்வொரு அங்குலத்தையும் தீர்மானித்தன.

முதலில் கண்டது, பெரும்பாலான வீடுகளில் காலண்டருக்கென்று இருப்பது ஒரே ஓர் ஆணி என்பதுதான். அந்த ஆணியில் நகைக்கடை கொடுத்தது, ஜவுளிக்கடை கொடுத்தது, நாங்கள் கொடுத்தது என மூன்று காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. அந்த வீட்டில் தினமும் எது பயன்படுகிறதோ அது மேலே இருந்தது. பல இடங்களில் அது தேதி கிழிக்கும் தினசரி அட்டைக் காலண்டர். எங்களுடையது அதற்குப் பின்னால் போய்விட்டது. மேற்பகுதியும் நடுப்பகுதியும் அட்டைக்குப் பின்னால் மறைந்து, கீழே நான்கைந்து அங்குலம் மட்டும் வெளியே தெரிந்தது. கடையின் பெயரை நான் வைத்திருந்ததோ உச்சியில். அதாவது காலண்டர் சுவரில் இருந்தும் பெயர் வீட்டில் இல்லை.

இரண்டாவதாகக் கண்டது பால் கணக்கு. ஒரு வீட்டில் வேறொரு கடையின் காலண்டர் அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் தனி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. அதன் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் ‘1’, ‘1½’ என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தில் ‘சிலிண்டர்’ என்றும் இன்னொன்றில் ‘சீட்டு’ என்றும் இருந்தது. அந்த வீட்டு ஆச்சியிடம் எங்கள் காலண்டர் என்னவாயிற்று என்று கேட்டேன். “அதுல எழுதினா மை ஒட்ட மாட்டேங்குது தம்பி, கை பட்டா அழிஞ்சுபோகுது. படம் நல்லா இருந்துச்சு, பேத்தி நோட்டுக்கு அட்டை போட்டுட்டோம்” என்றார். ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு மையை உள்ளே இழுப்பதில்லை. அச்சு மையைப் பளபளப்பாகக் காட்டும் அதே பூச்சு, ஜெல் பேனா மையைக் காயவிடாமல் மேலேயே நிற்க வைக்கிறது. படத்துக்காக நான் தேர்ந்தெடுத்த தாளே அந்தக் காலண்டரை அடுப்படிக்கு ஆகாததாக்கிவிட்டது.

ஆகவே வேலையின் இலக்கு எனக்குத் தெளிவானது. அந்த ஒற்றை ஆணியில் மேலே தொங்க வேண்டும், அல்லது அடுப்படியில் தனி ஆணி கிடைக்க வேண்டும். அதற்கு வீட்டுக்கணக்கு எழுத ஏற்ற காலண்டராக அது இருக்க வேண்டும். இவை இரண்டும் நடக்காமல் பின்னால் போய்விட்டாலும் பெயர் தெரிய வேண்டும் என்பதை இரண்டாம் காப்பாக வைத்துக்கொண்டேன்.

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புதிய ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். 2024-இல் அது ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களை அண்ணாச்சி புரட்டிப் பார்த்து, ஆயத்தப் படங்களில் ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் அச்சடித்து வாங்கினால் செலவு குறையுமே என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆயத்தக் காலண்டரில் படமும் தேதியும் மொத்தமாக முன்பே அச்சாகிவிடுவதால், நம் பங்கு பெயர் அச்சு மட்டுமே. ஐம்பது, நூறு பிரதி வாங்குபவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எங்களுக்குத் தேவை ஆயிரம் பிரதி. பெயர் எந்த இடத்தில் வரும், கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டுமென்றால் முழுவதையும் தனியாக அடிக்கத்தான் வேண்டும். படத்தையும் நான்கு வண்ணத்தையும் விட்டுவிட்டுக் கறுப்பு, சிவப்பு என்ற இரண்டோடு நிறுத்தினால் அந்தச் செலவில் பெரும்பகுதி ஈடாகிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியபின் ஒப்புக்கொண்டார்.

படத்தை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களும் மேலப்பாளையத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்களும் வாடிக்கையாக வருகிறார்கள். சாமி படம் போட்டால் ஒரு பகுதி வீடுகளில் அது மாட்டப்படாது. மாட்டும் வீடுகளிலோ ஆண்டு முடிந்ததும் அதைக் கிழித்துப் போட மனம் வராமல் சங்கடப்படுவார்கள். எண்களும் எழுத்துகளும் மட்டுமே உள்ள காலண்டருக்கு இந்த இரண்டு தடையும் இல்லை.

அளவு 15 அங்குல அகலம், 20 அங்குல உயரம். டபுள் கிரவுன் எனப்படும் 20-க்கு 30 தாளைச் சரிபாதியாக வெட்டினால் இந்த அளவு கழிவில்லாமல் வருகிறது. இரு பக்கமும் அரை அங்குலம் விட்டால் மிச்சம் 14 அங்குலம். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் கட்டம் ஒன்றுக்கு மிகச் சரியாக 2 அங்குலம் கிடைக்கிறது. உயரத்தில் மேலே அரை அங்குலம் தகரப் பட்டைக்குள் போய்விடும். அடுத்து இரண்டரை அங்குலம் கடைப்பெயர், ஓர் அங்குலம் மாதப்பெயர், அரை அங்குலம் கிழமை வரிசை, ஐந்து வாரத்துக்கு 10 அங்குலம், ராகு காலம், முகூர்த்த நாள், விரத நாள் விவரங்களுக்கு 4 அங்குலம், கடைசி ஒன்றரை அங்குலத்தில் மீண்டும் கடைப்பெயரும் தொலைபேசி எண்ணும். அந்தக் கடைசிப் பட்டைதான் நான் சொன்ன இரண்டாம் காப்பு. மேலே எத்தனை காலண்டர் தொங்கினாலும் அது வெளியே தெரியும்.

ஐந்து வரிசை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். 2025-இல் மார்ச், ஆகஸ்ட், நவம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமையில் வாரத்தைத் தொடங்கினால் ஆறு வரிசை தேவைப்படும். மார்ச் 1 சனிக்கிழமை. எனவே 30-உம் 31-உம் ஆறாம் வரிசைக்குத் தள்ளப்படுகின்றன. 23, 30 இரண்டையும் ஒரே கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டு அடைப்பது ஒரு வழி. ஆனால் பால் கணக்கு எழுதுபவருக்கு அந்தப் பாதிக் கட்டத்தில் இடம் இருக்காது. முதல் வரிசையில் காலியாகக் கிடக்கும் ஞாயிறு, திங்கள் கட்டங்களில் 30, 31-ஐ வைப்பது இன்னொரு வழி. நான் அதையே செய்தேன். அந்த 30 தெலுங்கு வருடப்பிறப்பு, 31 ரம்ஜான் என்பதால் இரண்டுமே முழுக் கட்டம் பெற வேண்டிய நாள்கள். பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைகள் எல்லாவற்றுக்கும் ‘பிறைக்கு உட்பட்டது’ என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

கட்டத்தின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் அண்ணாச்சிக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. நட்சத்திரம், திதி, யோகம், சந்திராஷ்டமம், நல்ல நேரம் என எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவற்றுக்கு நாள்தோறும் தாள் கிழிக்கும் காலண்டர் இருக்கிறது, அதோடு நாம் போட்டியிட முடியாது என்பது என் வாதம். ஒரு நாளுக்கு முழுத் தாள் கிடைக்கும் இடத்தில் அத்தனை விவரமும் அழகாக உட்காரும், இரண்டு அங்குலக் கட்டத்தில் அவை எறும்பு வரிசையாகிவிடும். கடைசியில் கட்டத்தின் இடப்பக்கம் முக்கால் அங்குல உயரத்தில் தேதி, வலப்பக்கம் மேலே தமிழ்த் தேதி, அதற்குக் கீழே நட்சத்திரமும் திதியும், பண்டிகை இருந்தால் ஒரே வரி என்று நிறுத்தினோம். கட்டத்தின் கீழ்ப்பாதியை, ஏறக்குறைய ஓர் அங்குலத்தை, முற்றிலும் வெறுமையாக விட்டேன். அவ்வளவு இடத்தைச் சும்மா விடுகிறாயே என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். மாதிரித் தாள் ஒன்றை அவர் வீட்டு அடுப்படியில் ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். அவர் மனைவி மறுநாளே அதில் பால் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. அடுப்பருகே நின்றபடி எதிர்ச் சுவரில் இருக்கும் தேதியும் கடையின் தொலைபேசி எண்ணும் கண்ணாடி இல்லாமல் தெரிகின்றனவா என்பதையும் அவரையே பார்க்கச் சொன்னேன். எண் தெரியவில்லை என்றார். கடையில் கிடைக்கும் பொருள்களின் பட்டியலைக் கீழ்ப்பட்டையிலிருந்து எடுத்துவிட்டு எண்ணைப் பெரிதாக்கினேன்.

தாள் 90 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. பூச்சில்லாத தாள் என்பதால் எந்தப் பேனாவும் எழுதும். செலவைக் குறைக்க ஆறே தாள்களில் இரு பக்கமும் அடிப்பது என்று முடிவு செய்தோம். இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, மறுபக்க அச்சு இப்பக்கம் நிழலாகத் தெரிவது. எழுத்துகள் அவ்வளவாகத் தெரியாது. பட்டையாக நிறம் நிரப்பிய இடம் நன்றாகவே தெரியும். சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாகக் கடைப்பெயரைப் போட வேண்டும் என்பது முதல் வடிவம். அப்படிப் போட்டிருந்தால் மறுபக்கத்தில் அழுக்கு படிந்ததுபோல் தெரிந்திருக்கும். ஆகவே வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து என்று மாற்றினேன். எழுத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரக்கோடும் போடவில்லை. இரண்டு நிறமும் ஒரு மயிரிழை விலகி விழுந்தாலும் ஓரக்கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே வெள்ளை தெரியும். இரண்டு நிறங்கள் எங்கும் தொட்டுக்கொள்ளாமல் அமைத்துவிட்டால் அந்தக் குறை கண்ணுக்கே படாது.

இரண்டாவது, மாதங்களின் வரிசை. ஜனவரிக்குப் பின்பக்கம் பிப்ரவரி என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். மேலே தகரம் அடித்த காலண்டரில் அது சரிவராது. ஜனவரித் தாளைத் தூக்கிப் பின்னால் போட்டால் கண்ணுக்குத் தெரிவது இரண்டாம் தாளின் முன்பக்கம். முதல் தாளின் பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே ஆறு தாள்களின் முன்பக்கத்திலும் ஜனவரி முதல் ஜூன் வரை வரிசையாக வர வேண்டும். ஜூன் முடிந்ததும் அந்தத் தாளையும் பின்னால் போட்டுவிட்டுக் காலண்டரையே திருப்பி மாட்டினால், ஆறாம் தாளின் பின்பக்கம் முதலில் தெரியும். அது ஜூலை. அடுத்து ஐந்தாம் தாளின் பின்பக்கம் ஆகஸ்ட். இப்படியே போய் முதல் தாளின் பின்பக்கம் டிசம்பரில் முடியும். ஆக ஜனவரியின் முதுகில் டிசம்பர், பிப்ரவரியின் முதுகில் நவம்பர், மார்ச்சுக்கு அக்டோபர், ஏப்ரலுக்கு செப்டம்பர், மே மாதத்துக்கு ஆகஸ்ட், ஜூனுக்கு ஜூலை. கணினியில் பார்த்து இதைச் சரிபார்க்க முடியாது. ஆறு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே பின் அடித்து, மாதப் பெயரைக் கையால் எழுதி, ஆணியில் மாட்டிப் புரட்டிப் பார்த்த பிறகே அச்சகத்துக்குச் சொன்னேன்.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். சாதாரண ஆண்டில் ஜனவரியும் அக்டோபரும் ஒரே கிழமையில் தொடங்கும், இரண்டுக்கும் 31 நாள். 2025-இல் இரண்டுமே புதன்கிழமையில் தொடங்குகின்றன. எனவே முடித்த ஜனவரிப் பக்கத்தை நகலெடுத்து, மாதப்பெயர், தமிழ்த் தேதி, நட்சத்திரம், பண்டிகை எல்லாவற்றையும் மாற்றி அக்டோபரை ஆக்கினேன். கறுப்பு எழுத்துகள் ஓர் அடுக்கிலும் சிவப்பு எழுத்துகள் பூட்டிய இன்னோர் அடுக்கிலும் இருந்தன. கறுப்பு அடுக்கில் இருந்த பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் ஆகிய பெயர்கள் அழிந்துவிட்டன. சிவப்பு அடுக்கில் இருந்த 14, 15, 16 என்ற எண்கள் சிவப்பாகவே நின்றுவிட்டன. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி, தீபாவளி மூன்றும் பக்கத்தில் சரியாகவே இருந்ததால், படித்துப் பார்த்த மூன்று பேர் கண்ணிலும் இது படவில்லை. படிப்பவர் எழுத்தைத்தான் படிக்கிறார், நிறத்தைப் படிப்பதில்லை.

பிளேட் எடுத்த பிறகு, மெஷினில் ஏற்றுவதற்கு முன், அச்சகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதத்திலும் சிவப்பு எண்களை மட்டும் எண்ணினேன். அக்டோபரில் ஞாயிறு நான்கு, விடுமுறை மூன்று, ஆக ஏழு இருக்க வேண்டும். பத்து இருந்தன. அந்த ஒரு சிவப்பு பிளேட்டை மட்டும் என் செலவில் மீண்டும் எடுத்தோம். ஓடிய பிறகு கண்டிருந்தால் மார்ச்சும் சேர்ந்து போயிருக்கும், இரண்டும் ஒரே தாள் அல்லவா. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் சிவப்பு எண்கள் எத்தனை என்பதைத் தனித்தாளில் முன்பே எழுதி வைத்துக்கொள்கிறேன். கிழமைக்கும் ஒரு விரைவுச் சோதனை உண்டு. எந்த ஆண்டிலும் ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12 ஆகிய ஐந்தும் ஒரே கிழமையில் விழும். 2025-இல் அது வெள்ளி. இந்த ஐந்து பக்கங்களைத் தொட்டுப் பார்த்தால் அவற்றில் கிழமை நகர்ந்திருப்பது உடனே தெரிந்துவிடும்.

இந்தப் பயத்தில் இன்னொன்றையும் பிழை என்று நினைத்தேன். வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10-இலும் இருந்தது, டிசம்பர் 30-இலும் இருந்தது. அதுவும் நகலெடுத்ததில் தங்கியது என்று எண்ணி அழிக்கப் போனேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தபோது இரண்டுமே சரி. 2024-இல் அந்த ஏகாதசி வரவேயில்லை, 2025-இல் இரண்டு முறை வருகிறது. பிழை என்று தோன்றுவதையும் மூலத்தைப் பார்க்காமல் திருத்தக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

பஞ்சாங்கம் என்றதும் சனிப்பெயர்ச்சி நினைவுக்கு வருகிறது. எனக்குக் கிடைத்த குறிப்பில் 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சி என்று இருந்தது. அது திருக்கணிதப்படி. வாக்கியப்படி அது 2026 மார்ச் 6. கோயில்கள் பெரும்பாலும் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், வீட்டில் காலண்டரைப் பார்த்து ஒருவர் கோயிலுக்குப் போய் அங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பினால், அந்தக் கோபம் காலண்டரில் பெயர் உள்ள கடைமீதுதான் விழும். நட்சத்திர, திதி நேரங்களிலும் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு பக்கத்தில் ஒன்று, இன்னொரு பக்கத்தில் வேறொன்று என்று கலந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் வாக்கியத்துக்கு மாற்றி, ‘வாக்கிய பஞ்சாங்கப்படி’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டோம்.

காலண்டர் தீபாவளிக்குப் பிறகு வந்து சேர்ந்தது. டிசம்பர் நடுவிலிருந்து கொடுக்கத் தொடங்கினோம். சுருட்டுவதில் ஒரு சிறு முறை இருக்கிறது. தகரப் பட்டையிலிருந்து தொடங்கி, அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி சுருட்ட வேண்டும். அப்போது மாட்டும்போது கீழ் ஓரம் சுவரை நோக்கி வளைந்து படிந்துகொள்ளும். உள்பக்கமாகச் சுருட்டினால் கீழ் ஓரம் நம்மை நோக்கிச் சுருண்டு, அந்தக் கீழ்ப்பட்டையில் உள்ள பெயரைத்தான் முதலில் மறைக்கும். கடைப் பையன்களிடம் இதை இரண்டு முறை செய்து காட்ட வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் மீண்டும் அதே வீடுகளுக்குப் போனேன். நோட்டுக்கு அட்டை போட்டதாகச் சொன்ன ஆச்சியின் வீட்டில் எங்கள் காலண்டர் அடுப்படிக் கதவருகே தனி ஆணியில் இருந்தது. கட்டங்களில் பால் கணக்கு நிரம்பியிருந்தது. ஆனால் ஆகஸ்ட் பக்கம் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. ஆறு மாதம் பின்பக்கங்கள் சுண்ணாம்புச் சுவரில் மாறி மாறி உரசியதால், திருப்பி மாட்டியபோதே அவை அழுக்காகத்தான் முன்னே வந்திருக்கின்றன. வேறு சில வீடுகளில் ஜூன் முடிந்ததும் காலண்டரே முடிந்துவிட்டது என்று எண்ணி எடுத்துவிட்டார்கள். திருப்பி மாட்ட வேண்டும் என்று ஜூன் பக்கத்தில் நான் ஒரு வரிகூடப் போடவில்லை.

இரு பக்க அச்சில் மிச்சம் பிடித்த தாள் செலவு, இப்படி ஆண்டின் பிற்பாதியைத் தின்றிருக்கிறது. 2026-க்குப் பன்னிரண்டு தாள், ஒரு பக்கம் மட்டும், கனத்தை 70 ஜிஎஸ்எம் ஆகக் குறைத்து அடிப்பது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். எண்ணிக்கை இரட்டித்தாலும் தாள் மெலிவதால் எடை ஒன்றரை மடங்குதான் ஆகிறது, தகரம் அதைத் தாங்கும். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் நிழல் தெரியும் கவலையும் இல்லை. கூடும் செலவுக்கு என்ன செய்வது என்று கேட்டார். முந்தைய ஆண்டு கடைக்குள் சும்மா வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததை நிறுத்தி, வீட்டுக்குச் சாமான் போகும் வாடிக்கையாளர் பட்டியலை வைத்து எழுநூறு மட்டும் அடிக்கலாம் என்றேன். பட்டியல் நோட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார். அறுநூற்று அறுபதில் நின்றது.